பாராட்டும் வேலியும்: மற்றமையாக்கல் குறித்துச் சில குறிப்புகள்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் வசவுகளைப் பற்றியும் வன்கொடுமைகளைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். அதற்கான காரணங்கள் குறைந்துவிடவில்லை. இன்று நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். நம்மைப் பாராட்டுகிறவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். வசவு வந்தால் அது வசவு என்று உடனே தெரிந்துவிடுகிறது. எதிர்த்துப் பேசலாம், வழக்குப் போடலாம். பாராட்டு வந்தால் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கும். என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை.

1. இரண்டு சொற்கள்

'மற்றமை' என்ற சொல் நம் சிறுபத்திரிகைகளில் முப்பது ஆண்டுகளாகப் புழங்குகிறது. ஒரு கூட்டம் தன்னை இயல்பானது, பொதுவானது என்று நினைத்துக்கொள்ள வேண்டுமானால், அப்படி இல்லாத இன்னொரு கூட்டம் அதற்குத் தேவைப்படுகிறது. அந்த இன்னொரு கூட்டத்தை உருவாக்குகிற வேலைக்குப் பெயர் மற்றமையாக்கல். சிமோன் தி பொவார் 1949இல் 'இரண்டாம் பாலினம்' நூலில் பெண்ணுக்கு இது எப்படி நிகழ்கிறது என்று எழுதினார். ஆண் தன்னை மனிதன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறான். பெண்ணோ எப்போதும் அவனை வைத்தே விளக்கப்படுகிறாள். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ளத் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. 'ஊர்' என்றால் ஊர். 'சேரி' என்றால் ஊருக்கு வெளியே இருப்பது. ஊரை விளக்கச் சேரி தேவையில்லை. சேரியை விளக்க ஊரைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது சொல்லை விநோதமாக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'எக்ஸாட்டிக்' என்கிறார்கள். அதன் கிரேக்க வேரில் 'வெளியே' என்ற பொருள்தான் இருக்கிறது. வெளியே இருப்பதை அருவருப்போடு பார்க்கலாம், ஆசையோடும் பார்க்கலாம். ஆசையோடு பார்ப்பது விநோதமாக்கல். எட்வர்ட் சயீத் 1978இல் 'ஓரியண்டலிசம்' நூலில் காட்டியது இதையும் சேர்த்துத்தான். கிழக்கு நாடுகள் சோம்பலானவை, பகுத்தறிவற்றவை என்று இகழ்ந்த அதே ஐரோப்பா, கிழக்கு ஞானம் நிறைந்தது, மர்மமானது என்று புகழ்ந்தும் எழுதியது. இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒரே கோட்டைத்தான் போட்டன: நாங்கள் இங்கே, நீங்கள் அங்கே. புகழ்ந்ததால் அந்தக் கோடு அழியவில்லை. அழகாக வண்ணம் பூசப்பட்டது, அவ்வளவுதான்.

2. பாராட்டாக வந்த பெயர்

இதற்கு நம் வரலாற்றிலேயே தெளிவான சான்று ஒன்று உண்டு. காந்தியடிகள் 1932இன் பிற்பகுதியிலிருந்து தீண்டப்படாத மக்களை 'ஹரிஜன்' என்று அழைக்கலானார். 1933 பிப்ரவரியில் அந்தப் பெயரிலேயே வார இதழும் தொடங்கினார். கடவுளின் மக்கள் என்று பொருள். இதைவிட உயர்ந்த பாராட்டு ஒரு பக்தருடைய வாயிலிருந்து வர முடியாது. அவர் இழிவுபடுத்தும் எண்ணத்தில் அந்தப் பெயரைச் சூட்டவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் 1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டமன்றத்தில், உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய ஒரு மசோதாவில் இந்தச் சொல்லைச் சட்டச் சொல்லாகவே ஏற்ற முயன்றபோது, அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்த்தார்கள். எதிர்ப்பு ஏற்கப்படாதபோது வெளிநடப்புச் செய்தார்கள். இவர்கள் கடவுளின் மக்கள் என்றால் மற்றவர்கள் யாருடைய மக்கள் என்ற கேள்வி அந்த விவாதத்திலேயே எழுந்தது. கிண்டலாகத் தோன்றும் அந்தக் கேள்விக்குள் ஒரு முழு வாதம் இருக்கிறது. எல்லோரும் கடவுளின் மக்கள் என்று நம்புகிறவர் ஒரு பகுதியினரை மட்டும் அப்படித் தனியே அழைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? அவர்கள் ஏற்கெனவே தனியே நிறுத்தப்பட்டிருந்ததால் வந்தது. பெயர் அந்த நிறுத்தலைக் கேள்வி கேட்கவில்லை, அதன்மேல் மாலை போட்டது.

பிறகு நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். ஒரு தலைமுறைக்குள் 'அரிசனக் காலனி' என்று ஊருக்கு ஊர் பலகை நட்டார்கள். பேருந்து நடத்துநர் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் தொனியிலேயே அந்தப் பாராட்டு என்னவாயிற்று என்று தெரிந்தது. சாதிச் சான்றிதழில் இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாமென்று 1982இல் மத்திய அரசே அறிவுறுத்த வேண்டி வந்தது. புகழ்ச்சியாகத் தொடங்கிய பெயர் ஏன் வசவானது? வேலி அப்படியே இருந்தது. பலகை மட்டும் மாறியது. வேலி இருக்கும்வரை எந்தப் பலகையை மாட்டினாலும் வேலியின் வாடை அதில் ஏறிவிடும்.

3. ஒரே தோல், இரண்டு புகழ்ச்சி

இனிப் பண்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் இன்றைய பாராட்டுகள் அதிகம் வருகின்றன. பறையை எடுத்துக்கொள்கிறேன்.

பறை என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள். யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் பறைதல் என்றால் பேசுதல்தான். செய்தியை அறிவித்த கருவி அது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்திருக்கிறது. அந்தக் கருவியின் பெயரால் அழைக்கப்பட்ட மக்களின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் 'பறையா' என்று விலக்கப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஒரு தாளக் கருவியின் பெயர் உலகம் முழுதும் ஒதுக்கிவைத்தலுக்குப் பெயரான கதை வேறெங்கும் இருப்பதாக நான் அறியேன்.

இன்று காற்று மாறியிருக்கிறது. கல்லூரி விழாவில் பறை, இலக்கிய மாநாட்டில் பறை, கட்சி ஊர்வலத்தில் பறை. அடித்து முடித்த கலைஞரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள்: "அற்புதம். தாளம் உங்க ரத்தத்துலயே இருக்கு." சொல்கிறவர் கண்ணில் தண்ணீர்கூட நிற்கும். பொய்யில்லை. உண்மையான உருக்கம்.

இந்த வாக்கியம் என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். பறை கட்டுவது எளிய வேலையல்ல. மரத்துண்டுகளை வளைத்துச் சேர்த்து வட்டச் சட்டம் செய்ய வேண்டும். தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசை வைத்து இழுத்து ஒட்ட வேண்டும். பசை சரியாக இல்லாவிட்டால் காய்ந்ததும் தோல் விட்டுக்கொள்ளும். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டி நாதம் ஏற்ற வேண்டும். குறைவாகக் காட்டினால் ஒலி சப்பென்று இருக்கும், கூடுதலாகக் காட்டினால் தோல் வெடிக்கும். எப்போது போதும் என்பதைத் தட்டிப் பார்க்கும் விரலும் கேட்கும் காதும்தான் சொல்லும். இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. இரண்டும் தோலின் வெவ்வேறு இடங்களில் விழ வேண்டும். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, மாடு விரட்ட ஓர் அடி. அடித்துக்கொண்டே ஆட வேண்டும், ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் அடியைக் கேட்க வேண்டும். சிறுவயதிலிருந்து வருடக்கணக்கில் பழகினால் வருவது இது.

"ரத்தத்துலயே இருக்கு" என்றதும் அத்தனை பழக்கமும் காணாமல் போகிறது. ரத்தத்தில் இருப்பதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்காததற்கு ஆசிரியரும் இல்லை, கூலியும் இல்லை. பூனைக்குப் பால் குடிக்கத் தெரிவதுபோல இவனுக்குப் பறை அடிக்கத் தெரியும் என்றாகிறது. எதிரே நிற்கும் கலைஞர் ஒரு மனிதராக இல்லாமல் ஒரு சாதியின் மாதிரியாகிவிடுகிறார். அவர் பெயரைக் கேட்கத் தோன்றுவதில்லை. துண்டறிக்கையிலும் 'பறையாட்டக் குழு' என்றுதான் இருக்கும்.

இப்போது மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலாமரத்தில் குடைந்த கட்டையின் மேல் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் போகின்றன. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதிக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். இந்தக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக 2020இல் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். மேடையில் இருப்பவர் தான் விரும்பும் நாதத்தைச் சொல்வார். அதைத் தோலில் கொண்டுவருவது இவர் அறிவு.

மேடையில் மிருதங்கத்துக்குக் கிடைக்கும் புகழ்ச்சியில் என்ன சொற்கள் வருகின்றன? கணக்கு, லயஞானம், சாதகம், பாணி. எல்லாம் மூளைக்கும் உழைப்புக்கும் உரிய சொற்கள். பறைக்கு என்ன சொற்கள் வருகின்றன? ஆவேசம், வெறி, ஆதி, ரத்தம், மண். எல்லாம் உடம்புக்கும் இயற்கைக்கும் உரிய சொற்கள். இரண்டிலும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது மாட்டின் தோல். ஒன்றில் தோல் மறைந்து ஞானம் தெரிகிறது. மற்றொன்றில் ஞானம் மறைந்து தோல் மட்டும் தெரிகிறது. இந்த இரண்டு சொல்வரிசைகளும் நம் காதில் இயல்பாக ஒலிக்கின்றன என்பதுதான் மற்றமையாக்கல் எவ்வளவு ஆழத்தில் வேலை செய்திருக்கிறது என்பதற்குச் சான்று.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். சபாவிலும்தான் "சங்கீதம் அவா ரத்தத்திலேயே ஊறினது" என்று சொல்கிறார்கள், அது மட்டும் இழிவா என்று கேட்கலாம். சொல் ஒன்றுதான். ஆனால் அங்கே ரத்தம் என்பது ஒரு குடும்பத்தின் பெயர்: இன்னாருடைய பேரன், இன்னாரிடம் பாடம். அது பெயர்களின் வரிசை. அதே சாதியில் சங்கீதம் தெரியாதவரிடம் போய் யாரும், "ஏன், உங்க ரத்தத்துல இருக்குமே" என்று கேட்பதில்லை. இங்கே ரத்தம் என்பது ஒரு தெருவின் பெயர். பறையைத் தொட்டே பார்க்காத நம் பொறியாளர் பையனிடமும், அலுவலக விழாவில், "நீங்கதான் நல்லா ஆடுவீங்களே, வாங்க" என்று கை நீட்டுகிறார்கள். அந்த அழைப்பில் அன்பும் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது.

4. "பார்த்தா அப்படித் தெரியலையே"

அடுத்தது தோற்றம். இந்த அவையில் இருக்கும் இளைஞர்களில் பலர் கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் இது. சாதி தெரிந்ததும் நண்பர் ஒருவர் வியப்போடு சொல்கிறார்: "அப்படியா? பார்த்தா அப்படித் தெரியலையே!" சொல்கிறவர் உயர்த்திச் சொல்வதாகவே நினைக்கிறார். 

ஆனால் வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் மடிந்திருக்கின்றன. நம் ஆட்களுக்கென்று ஒரு முகம் உண்டு என்பது முதலாவது. அந்த முகம் நல்ல முகம் அல்ல என்பது இரண்டாவது. உன்னை மட்டும் அதிலிருந்து விலக்கிவிட்டேன் என்பது மூன்றாவது. நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டால் மூன்றையும் ஏற்றதாகிறது. அம்மாவின் முகம், அக்காவின் முகம், தெருவின் முகம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவன் மட்டும் உள்ளே போகிறான். அவனுக்குக் கிடைப்பதும் இடமல்ல, விதிவிலக்கு. விதிவிலக்கு கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிரான வடிவமும் இருக்கிறது: "கருப்பழகி", "மண்ணின் நிறம்", "என்ன ஒரு கம்பீரமான முகம்". நாற்று நடும் பெண்ணை நெருக்கத்தில் எடுத்த புகைப்படங்கள் கண்காட்சிச் சுவரில் தொங்குகின்றன. கீழே இடத்தின் பெயர் இருக்கும், படம் எடுத்தவரின் பெயர் இருக்கும், அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. சினிமாவில் நம் தெருப் பெண் வேடம் வந்தால் வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து கருப்புப் பூசுகிறார்கள். அந்த நிறம் கதைக்கு வேண்டும், அந்த நிறமுள்ளவர் மேடைக்கு வேண்டாம். நிறத்தைப் பாராட்டுவதும் நிறமுள்ளவரைப் பார்ப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

5. "அப்படியே எழுதியிருக்கிறார்"

இது இலக்கிய அவை. ஆகவே நம் சொந்த வீட்டுக்கும் வர வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை தலித் எழுத்துக்குக் கிடைக்கும் பாராட்டுகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 'அப்படியே'. வாழ்க்கையை அப்படியே எழுதியிருக்கிறார், ரத்தமும் சதையுமாக எழுதியிருக்கிறார், பேச்சை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்.

'கருக்கு' அப்படியே எழுதப்பட்ட நூலல்ல. அது பிறப்பில் தொடங்கி வருடவரிசையில் போவதில்லை. ஊர், உழைப்பு, விளையாட்டு, படிப்பு, வேதம் என்று பொருள்வாரியாகப் பிரித்துக்கொண்டு, ஒரே வாழ்க்கையின் நிகழ்ச்சிகளுக்குப் பல திசைகளிலிருந்து திரும்பி வருகிறது. முன்னே ஒருமுறை பார்த்தது மறுமுறை வேறு பொருள் தருகிறது. உரையாடலில் மட்டுமல்லாமல் கதை சொல்லும் குரலிலும் பேச்சுத்தமிழையே வைத்தது ஒரு முடிவு. அதற்குத் துணிவும் வேண்டும், காதும் வேண்டும். பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கை நூலின் பெயராக்கியது இன்னொரு முடிவு. 'அப்படியே' என்ற பாராட்டு இந்த முடிவுகள் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. எழுத்தாளர் சாட்சி சொல்கிறவராக மட்டும் ஆகிறார். சாட்சியிடம் என்ன நடந்தது என்று கேட்பார்கள். எப்படிச் சொல்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

இமையமும் பூமணியும் தங்களைத் தலித் எழுத்தாளர் என்று வகைப்படுத்துவதை ஏற்றுக்கொள்ளாதபோது நம்மில் சிலர் கோபப்பட்டோம். அரசியலாக அந்த முடிவோடு வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அந்த மறுப்புக்குள், என்னை அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதே, உட்கார்ந்து படி என்ற கோரிக்கையையும் கேட்க முடிகிறது. அதற்குப் பதில் சொல்லும் கடமை விமர்சகர்களுக்கு உண்டு.

6. எப்படித் தெரிந்துகொள்வது

அப்படியானால் யாரும் யாரையும் பாராட்டக் கூடாதா? பறை எங்கள் கருவி என்று நாமே பெருமையாகச் சொல்வதும் விநோதமாக்கல்தானா? இரண்டும் நியாயமான கேள்விகள்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தலித் இயக்கத்துக்குள்ளேயே பறையைப் பற்றி இரண்டு நிலைப்பாடுகள் இருந்தன, இருக்கின்றன. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. அதே பறையை விடுதலையின் குரலாக மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் இணைக்கும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும்: இருவரும் தாங்களே முடிவெடுத்தார்கள். அடிப்பதா, வைப்பதா என்று முடிவெடுக்கும் உரிமைதான் இங்கே விஷயம். ஒரு பையன் பறையை வைத்துவிட்டு வயலின் கற்கப் போனால், "பாரம்பரியத்தை விட்டுட்டியே" என்று வருத்தப்படும் ரசிகர் பறையை நேசிக்கவில்லை. பையன் அங்கேயே இருப்பதை நேசிக்கிறார். அதே வருத்தத்தை நாமே நம் பையன்களிடம் காட்டினாலும் கணக்கு மாறாது.

ஆகவே ஒரு பாராட்டைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இந்தப் பாராட்டை அப்படியே அடுத்த ஆளிடமும் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது இவரைப் பற்றியதல்ல, வகையைப் பற்றியது. இவர் இதைச் செய்யாமல் விட்டாலும், மோசமாகச் செய்தாலும் மதிப்பு நிற்குமா? நிற்காது என்றால் மதிக்கப்பட்டது வேடம். பாராட்டு முடிந்த பிறகு இருவருக்கும் இடையே ஏதாவது மாறுகிறதா? மேடையில் கட்டிப்பிடித்தவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் கலைஞரை விருந்தாளியாக அழைப்பாரா, சம்பளத்தைச் சபாக் கச்சேரிக்குக் கொடுப்பதுபோலக் கொடுப்பாரா என்பதில் பதில் தெரியும்.

முதல் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தாராளமாகப் பாராட்டலாம். கலைஞரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாராட்டலாம். "ரத்தத்துலயே இருக்கு" என்பதற்குப் பதிலாக, "அந்த இரண்டாவது அடி மாறின இடத்துல காலையும் சேர்த்து மாத்தினீங்களே, அதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கலாம். கேட்டால் பதில் வரும். ஓர் ஆசிரியரின் பெயர் வரும், ஊர் வரும், அவர் எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்ற கதை வரும், சில சமயம் அவருக்கும் முன்னால் இருந்தவரின் பெயர் வரும். சபாக்காரர்களுக்கு இருப்பதுபோல ஒரு பரம்பரை நம்மிடமும் இருக்கிறது. யாரும் கேட்காததால் அது எழுதப்படவில்லை. இந்த மன்றம் அடுத்த ஆண்டு நினைவுநாளுக்குள் நம் மாவட்டத்துப் பறைக் கலைஞர்களிடம் போய் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி ஒரு சிறுநூலாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.